ஒரே பாடத்துக்கு இரண்டு தலைப்புகள்

இணையவழிப் பாடங்களை விற்கும் தளமான யுடெமியில் வெளியிடவிருக்கும் ஒரே எக்செல் பாடத்துக்கு இரண்டு தலைப்புகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, "எக்செல் முழுமையான பயிற்சி: தொடக்கம் முதல் தேர்ச்சி வரை". இரண்டாவது, "எக்செல் பிவட் டேபிள்: விற்பனைத் தரவிலிருந்து மாத அறிக்கை". அங்கே தலைப்புக்கு 60 எழுத்துகளே வரம்பு. தமிழில் புள்ளியையும் கொம்பையும் கணினி பொதுவாகத் தனியாக எண்ணுவதால், இரண்டாவது 56 இடங்களை நிரப்பிவிடுகிறது.

முதலாவது அகலமானது, ஆனால் பாடத்தில் எக்செலின் மேம்பட்ட வசதிகளான மேக்ரோவோ பவர் குவெரியோ இல்லையென்றால், "முழுமையான" என்ற சொல்லை நம்பி வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்பார், அல்லது குறைந்த மதிப்பெண் இடுவார். இரண்டாவதைத் தேடுவோர் குறைவு. எனினும் "பிவட் டேபிள்" என்று தட்டச்சு செய்பவர் தம் தேவையை அறிந்தே வருகிறார்.

விவரணையிலும் இதே வேறுபாடு தொடர்கிறது. நீண்ட விவரணையின் தொடக்க வரிகள் மட்டுமே விரிக்காமல் தெரியும் என்பதால், ஆசிரியரின் அனுபவத்தைச் சொல்லித் தொடங்குவது (பலரும் செய்வது இதுதான்) இடத்தை வீணாக்குகிறது. "ஆயிரம் வரிகள் கொண்ட விற்பனைப் பட்டியலை மண்டல வாரியான அறிக்கையாக மாற்றுவீர்கள், கூட்டல் சூத்திரம் எழுதத் தெரிந்திருந்தால் போதும்" என்ற தொடக்கம் விளைவையும் முன்தேவையையும் ஒருங்கே தெரிவிக்கிறது. பாடம் உண்மையிலேயே அனைத்தையும் தொட்டாலன்றி, நான் இரண்டாவதையே தேர்வேன்.