ஸ்கேல் வியூபோர்ட்டுக்கு மட்டும்: பேப்பர் ஸ்பேஸுடன் பல ஆண்டுப் பழக்கம்

பினாங்கில் பழைய கடைவீடுகளை அளந்து வரைவதுதான் என் அன்றாட வேலை. ஆட்டோகேட்டின் பேப்பர் ஸ்பேஸைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். ஸ்கேலை வியூபோர்ட்டில் மட்டுமே வைத்து, தாளை எப்போதும் 1:1 என்றே விட்டால், அது நம்பகமான ஏற்பாடு. வேறோர் இடத்திலும் ஸ்கேலைத் தொட்டுவிட்டால், பிழை எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிப்பது கடினம்.

ஜார்ஜ்டவுனின் ஒரு கடைவீட்டை எடுத்துக்கொள்வோம். முகப்பு 5.5 மீட்டர், ஆழம் 30 மீட்டர். 1:50 ஸ்கேலில் தாளில் 110 மில்லிமீட்டருக்கு 600 மில்லிமீட்டர். A1 தாள் 841க்கு 594. ஆகவே கீழ்த்தளம், மேல்தளம், நெடுக்குவெட்டு ஆகிய மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கலாம்; வலப்பக்கம் தலைப்புப் பட்டிக்கும் இடம் கிடைக்கும். இந்தக் கணக்கை லேஅவுட்டைத் திறக்கும் முன்பே போட்டுவிடுவேன்.

பிழை பெரும்பாலும் தாளின் ஓரத்தில்தான் தொடங்குகிறது. பேஜ் செட்டப்பில் `DWG To PDF.pc3` தேர்ந்தெடுத்து, தாளாக வெறும் `ISO A1` எடுத்தால், சுற்றிலும் அச்சாகாத ஓரம் ஒன்று ஒதுக்கப்படும். லேஅவுட்டில் தெரியும் புள்ளிக்கோடுதான் அதன் எல்லை. முழு A1 அளவில் வரைந்த சட்டம் அந்தக் கோட்டைத் தாண்டி வெட்டுப்படுகிறது. உடனே பலரும் `Fit to paper` என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சட்டம் அழகாக உட்கார்ந்துவிடும், ஸ்கேல் போய்விடும்.

இதன் விளைவை ஒரு ஒப்பந்ததாரரிடம் பார்த்தேன். வேறோர் அலுவலகத்திலிருந்து வந்த பிடிஎஃப்பை முழு A1 தாளில் அச்சிட்டு, ஸ்கேல் கட்டையை வைத்துவிட்டு, "அக்கா, முகப்பு 5.28 மீட்டர்தான் வருகிறது" என்றார். நான்கு விழுக்காடு சுருங்கியிருந்ததால் 110 மில்லிமீட்டர் 105.6 ஆகியிருந்தது. ஆனால் அளவுக்கோட்டின் மேல் 5500 என்றே எழுதியிருந்தது. எண்கள் மாடலிலிருந்து வருபவை. தாள் சுருங்கினாலும் அவை மாறா. வரைந்தவர் கண்ணில் இது படாமல் போவதற்குக் காரணமும் அதுதான்.

தீர்வு எளிது. தாளாக `ISO full bleed A1` எடுங்கள்; அப்போது சட்டத்தை வெட்டும் ஓரம் இருக்காது. `Plot area` என்பதில் `Layout`, ஸ்கேல் 1:1. இதைப் பெயரிட்ட பேஜ் செட்டப்பாகச் சேமித்துவைத்தால் எல்லா லேஅவுட்டுக்கும் பொருந்தும்.

அடுத்து `MVIEW` கட்டளையால் வியூபோர்ட்டை வரைந்து, உள்ளே இருமுறை கிளிக் செய்து, இதைத் தட்டுகிறேன்:

```
ZOOM
1/50XP
```

மாடல் மில்லிமீட்டரில் இருந்தால் இது சரியாக 1:50. நில அளவையாளரின் கோப்புகள் மீட்டரில் வரும்போதுதான் கவனம் வேண்டும். அங்கே ஒரு அலகு என்பது 1000 மில்லிமீட்டர். 1:500 மனைப்படத்துக்கு 1000ஐ 500ஆல் வகுத்து `2XP` என்று கொடுக்க வேண்டும். `1/500XP` கொடுத்தால் படம் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். அந்தப் பிழையாவது உடனே தெரிந்துவிடும்.

ஸ்கேல் கொடுத்த கையோடு வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள். `Properties` பலகத்தில் `Display locked` என்பதை `Yes` ஆக்கினால் போதும். பூட்டாத வியூபோர்ட்டுக்குள் சுட்டியின் சக்கரத்தைச் சற்றே உருட்டினாலும் 1:50 என்பது 1:53 போல ஏதோ ஒன்றாகிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கீழ்ப்பட்டியில் 1:50 என்பதற்குப் பதில் ஒரு நீண்ட தசம எண் தெரிந்தால், அதுதான் அடையாளம். வியூபோர்ட்டின் சட்டக்கோட்டை, அச்சாகாதபடி அமைத்த ஒரு தனி லேயரில் வைத்துவிடுகிறேன்.

மேல்தளத்தை 1:50இலும் மரப்படிக்கட்டை 1:20இலும் ஒரே தாளில் காட்டும்போது துண்டுக்கோடுகளின் துண்டுகள் இரண்டிலும் ஒரே நீளத்தில் தெரிய வேண்டும். `PSLTSCALE` 1 ஆக இருந்து, `REGENALL` கொடுத்தால் அது சரியாகிவிடும்.

ஒவ்வொரு தாளிலும் தலைப்புப் பட்டிக்கு அருகே பேப்பர் ஸ்பேஸிலேயே சரியாக 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றை வரைந்துவைக்கிறேன். பிடிஎஃப்பைத் திறந்து, அளக்கும் கருவியால் அந்தக் கோட்டைப் பார்ப்பேன். 100 வந்தால் தாள் சரி. பிறகு முகப்பை அளப்பேன். 110 வந்தால் வியூபோர்ட்டும் சரி. முதலாவது சரியாகவும் இரண்டாவது தவறாகவும் இருந்தால் குறை வியூபோர்ட்டில். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் பேஜ் செட்டப்பில்.

இத்தனைக்குப் பிறகும் பெறுபவரின் அச்சுப்பொறி நம் கையில் இல்லை. தளத்தில் பெரும்பாலும் A3 தாளில்தான் எடுக்கிறார்கள். A1இன் நீள அகலங்களில் பாதிதான் A3. சரியாக 50 விழுக்காட்டில் அச்சிட்டால் 1:50 என்பது 1:100 ஆகும். ஆனால் அச்சிடும்போது `Fit` இருந்தால், அச்சுப்பொறியின் ஓரத்துக்காக இன்னும் சற்றுச் சுருங்கும். அதனால் ஸ்கேல் குறிப்பில் A1க்கு 1:50, A3க்கு 1:100 என இரண்டையும் எழுதி, கூடவே ஸ்கேல் பட்டையும் வரைந்துவிடுகிறேன். தாள் எவ்வளவு சுருங்கினாலும் பட்டையும் கூடவே சுருங்குவதால், தளத்தில் இருப்பவர் அதை வைத்தே அளந்துகொள்ளலாம்.