சராசரி தவணை நாளா, நடப்புக் கணக்கு வட்டியா?

கட்ட வேண்டிய மூன்று பில்கள்: மார்ச் 5-இல் 1,000, மார்ச் 20-இல் 2,000, ஏப்ரல் 4-இல் 3,000.

சராசரி தவணை நாள்: மார்ச் 5-ஐ அடிப்படையாக வைத்தால் நாட்கள் 0, 15, 30. ஒவ்வொரு தொகையையும் அதன் நாட்களால் பெருக்கிக் கூட்டினால் 1,20,000, அதை 6,000-ஆல் வகுத்தால் 20 நாள், அதாவது மார்ச் 25. அன்று மொத்தமாகக் கட்டினால் யாருக்கும் வட்டி நட்டமில்லை.

நடப்புக் கணக்கு: ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனியாக நாள் எண்ணி வட்டி கணக்கிட வேண்டும். வேலை கூடுதல்தான்.

ஆனால் ஏப்ரல் 14-இல் 5,900 வரவு வந்துவிட்டதா? மீதி 100தான். சராசரி நாள் கண்டால் மார்ச் 5-க்கு 1,160 நாள் முன்னால் போய் நிற்கும்! கணக்கு சரி, தேதிதான் அபத்தம். பற்றுக்கும் வரவுக்கும் வட்டி வீதம் வேறானாலும் சராசரி நாள் உதவாது.

ஒரே தடவையில் தீர்க்கும் பில்களுக்கு முதலாவது. இரு பக்கமும் பணம் ஓடினால் நடப்புக் கணக்கு.