தொழிற்சாலைக் கட்டடத்துக்குத் தனிக் கடனா, பொதுக் கடனா?

இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 23-இன்படி, கட்டுமானக் கால வட்டியைக் கட்டடத்தின் அடக்கவிலையில் சேர்த்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பது கடனைப் பொறுத்தது.

கட்டடத்துக்கென்றே 12% வட்டியில் 2 கோடி வாங்கினால் ஆண்டு வட்டி 24 லட்சம். செலவாகாத பணம் வைப்பில் 3 லட்சம் ஈட்டினால், அதைக் கழித்து 21 லட்சம் சேரும். கணக்கு நேரடியானது, தணிக்கையில் காட்டவும் எளிது.

நிறுவனத்தின் பொதுத் தேவைகளுக்கு வாங்கிய கடனில் சராசரி விகிதம் வேண்டும். 10%-இல் 3 கோடி, 14%-இல் 1 கோடி என்றால் மொத்த வட்டி 44 லட்சம், விகிதம் 11%. கட்டடத்தில் ஆண்டுச் சராசரிச் செலவு 1.5 கோடி, எனவே 16.5 லட்சம் சேரும். இங்கே வைப்பு வட்டியைக் கழிப்பது அடிக்கடி நேரும் பிழை. அது வருமானமாகவே நிற்கும்.

இரண்டிலும் கட்டடம் பயன்பாட்டுக்குத் தயாரான நாளோடு நிறுத்துங்கள். உற்பத்தி தொடங்கும்வரை சேர்த்தால் சொத்து மதிப்பும் லாபமும் ஊதிப்போகும்.