ஜிக்பீ சென்சாரின் பேட்டரியைத் தின்றது பவர்கட்

வீட்டில் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் பேசும் சென்சார்கள் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. எல்லாம் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஓடும் Zigbee2MQTT மென்பொருளில் வந்து சேர்கின்றன. அது இன்வர்ட்டரில் இருக்கிறது. கதவு சென்சார்கள் தொல்லை கொடுத்ததே இல்லை. மாடி அறையின் வெப்பநிலை சென்சார் மட்டும் சில மாதத்துக்கொரு CR2032 பேட்டரி கேட்டது. ஆப்பில் பார்த்தால் கடைசி வாரம் வரை 100% என்றே காட்டும். காயின் செல்லின் வோல்டேஜ் கடைசிவரை பெரிதாக இறங்காது, அதனால் அந்தச் சதவீதத்தை நான் நம்புவதில்லை.

ஜிக்பீ போன்ற மெஷ் நெட்வொர்க் என்றால் எல்லாச் சாதனமும் பக்கத்துச் சாதனத்துக்குத் தகவல் கடத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிக்பீயில் கரண்டில் ஓடும் பிளக், பல்பு போன்றவைதான் பெரும்பாலும் கடத்தும். கடத்துகிற சாதனத்தின் ரேடியோ எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 7 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் 220 mAh உள்ள CR2032 ஒன்றரை நாள்கூடத் தாங்காது. அதனால் பேட்டரி சென்சார் தூங்கிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது விழித்து, தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று, தன் தகவலைக் கடத்தும் பேரன்ட் சாதனத்தைக் கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

எது எதன் வழியாக வருகிறது என்று காட்டும் நெட்வொர்க் மேப்பைத் திறந்து பார்த்தேன். மாடி சென்சாருக்குப் பேரன்ட், வாஷிங் மெஷின் பிளக். அது 16 ஆம்ப் லைன், இன்வர்ட்டரில் கிடையாது. கரண்ட் போனால் பிளக்கும் போய்விடும். பதில் வராத சென்சார், ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு பேரன்ட் தேடும். நல்ல ஃபர்ம்வேர் என்றால் தேடலுக்குத் தேடல் இடைவெளியைக் கூட்டும். என்னுடையது விலை மலிவு, அந்தப் பொறுமை இல்லை போலிருக்கிறது. சென்சார் கடைசியாகப் பேசியதைக் காட்டும் Last seen நின்றுபோன நேரங்களும் பவர்கட் நேரங்களும் அப்படியே பொருந்தின.

மாடிப்படித் திருப்பத்தில் இன்வர்ட்டர் லைனில் ஒரு 5 ஆம்ப் சாக்கெட் சும்மா இருந்தது. அதில் ஒரு ஸ்மார்ட் பிளக்கை, லோடு எதுவும் இல்லாமல், செருகிவிட்டேன். சென்சார் தானாக மாறவில்லை. புதுச் சாதனத்தைச் சேர அனுமதிக்கும் Permit join-ஐ அந்தப் பிளக் வழியாக மட்டும் திறந்து, சென்சாரின் பட்டனை அழுத்தி மறுபடி சேர்த்தபிறகுதான் மாறியது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக அதே பேட்டரி ஓடுகிறது.

இதற்கும் செலவு உண்டு. அந்தப் பிளக் அரை வாட் இழுத்தால் வருடத்துக்கு 4 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். கரண்ட் பில்லில் தெரியாது. ஆனால் ஒரே ஒரு சென்சாருக்காக என்றால், அது சேமிக்கும் பேட்டரியைவிட எத்தனையோ மடங்கு மின்சாரம் அது. அதே பிளக் வழியாக இன்னும் இரண்டு சென்சார்கள் வருவதால் விட்டுவைத்திருக்கிறேன். ஸ்மார்ட் பல்பை மட்டும் இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். வீட்டில் யாராவது சுவர் சுவிட்சை அணைத்தால் பவர்கட் கதைதான்.