பதின்வயதுப் பிள்ளைகளுக்கான பொருளை விற்கிறவர்களே, இந்த மாதிரி ஏஜென்சியிடம் சிக்காதீர்கள்

திருப்பூரில் சின்ன யூனிட் வைத்து, பள்ளிக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கான பீரியட் பேன்ட்டி தைத்து விற்கிறோம். போடுவது மகள், காசு கொடுப்பது அம்மா. இதை ஆன்லைனில் விற்றுத் தருகிறோம் என்று வந்த ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியது. பணம் போனதைவிட, அவர்கள் எங்கள் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளிடம் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு ஆறவே இல்லை.

அவர்கள் காட்டிய திட்டத்தில் இப்படி இருந்தது: “13 முதல் 17 வயதுப் பெண்கள், கே-பாப், அழகுக் குறிப்பு, நடனம் ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவர்கள். இவர்களுக்கு மட்டும் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போகும்.” கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு விளம்பரத்தை அமைக்கவே முடியாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஆர்வத்தை வைத்துக் குறிவைக்கும் வசதியை மெட்டா 2021-லேயே எடுத்துவிட்டது. 2023-ல் ஆண், பெண் என்று பிரிக்கும் வசதியும் போய்விட்டது. மிச்சம் இருப்பது வயதும் ஊரும் மட்டும்தான். இதைத் தாண்டி யாராவது வாக்குக் கொடுத்தால், ஒன்று அவர்களுக்குத் தொழில் தெரியாது, இல்லையென்றால் வேறு வழியில் பிள்ளைகளிடம் போகப் போகிறார்கள்.

இவர்கள் வேறு வழியில் போனார்கள். கல்லூரி மாணவி மாதிரி ஒரு போலிக் கணக்கு தொடங்கி, பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிற ரீல்ஸ்களுக்குக் கீழே “ஃப்ரீ கிஃப்ட் வேணுமா? என்னை ஃபாலோ பண்ணு” என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஏன் முதலில் ஃபாலோ பண்ணச் சொல்ல வேண்டும்? பதின்வயதினர் கணக்குகளில், அந்தப் பிள்ளை தானாக ஃபாலோ செய்தவர்கள்தான் மெசேஜ் அனுப்ப முடியும் என்ற பாதுகாப்பு ஆரம்பத்திலேயே போடப்பட்டிருக்கும். அந்தப் பூட்டைப் பிள்ளையின் கையாலேயே திறக்க வைத்திருக்கிறார்கள். அப்புறம் மெசேஜில் ஒரு கூகுள் ஃபார்ம். அதில் பெயர், வயது, பள்ளி, வாட்ஸ்அப் எண், இடுப்பளவு, கடைசியாக மாதவிடாய் வந்த தேதி.

எனக்கு இது தெரிந்ததே ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டபோதுதான். “ஏனுங்க, எட்டாவது படிக்கிற புள்ளைகிட்ட இடுப்பளவும் தேதியும் கேக்கறீங்களே, யாருங்க நீங்க?” அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் எங்கள் லோகோ இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஏஜென்சிக்காரரைக் கேட்டேன். “மேடம், டேட்டா சட்டம் இன்னும் முழுசா அமலுக்கு வரல, பயப்படாதீங்க” என்றார். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் விவரத்தை வாங்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அவர்களைக் கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, நிறுவனங்கள் தயாராக ஒன்றரை வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தயாராவதற்குக் கொடுத்த அவகாசத்தை, அதற்குள் பிள்ளைகளின் விவரத்தை அள்ளிக்கொள்ளலாம் என்று இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

காசு கொடுத்து ஓட்டிய விளம்பரத்திலும் ஏமாற்று. வாராவாரம் பெரிய ரீச் எண்ணோடு ஒரு பிடிஎஃப் வரும், லாகின் மட்டும் தர மாட்டார்கள். சண்டை போட்டு வாங்கி Ads Manager-ல் Breakdown போய் வயது, பாலினம் வாரியாகப் பார்த்தேன். பெரும்பகுதி 18 முதல் 24 வயது ஆண்கள்! பீரியட் பேன்ட்டி விளம்பரத்துக்கு! அம்மாக்கள் இருக்கிற 35-க்கு மேற்பட்ட வயதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆர்டரும் இல்லை. விளம்பரக் கணக்கு அவர்கள் பெயரில் இருந்ததால் என்னால் நிறுத்தக்கூட முடியவில்லை. முன்பணம் இன்றுவரை திரும்பவில்லை.

யாரிடமாவது வேலை கொடுப்பதாக இருந்தால் கணக்கை உங்கள் பெயரில் திறந்து, அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். பிள்ளைகளுக்கு எப்படி மெசேஜ் அனுப்புவீர்கள் என்று நேராகக் கேளுங்கள். “அனுப்ப மாட்டோம்” என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் இப்போது 35 முதல் 50 வயதுப் பெண்களுக்கு மட்டும் விளம்பரம் போடுகிறோம். அளவு அட்டவணை தளத்திலேயே இருக்கிறது. வீட்டில் டேப் வைத்து அளந்து பார்த்துக்கொள்ளலாம், எங்களுக்கு யாரும் எதையும் அனுப்ப வேண்டியதில்லை.

அந்த ஃபார்மை நிரப்பிய பிள்ளைகளின் பெற்றோருக்கு: எங்கள் கைக்கு வந்த பட்டியலை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் பேசி விஷயத்தைச் சொல்லிவிட்டு அழித்துவிட்டோம். ஏஜென்சியிடம் பிரதி இருக்கலாம். எங்கள் பெயரைச் சொல்லி உங்கள் மகளுக்கு மெசேஜோ அழைப்போ வந்தால் அது நாங்கள் இல்லை. பிள்ளையைத் திட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, அந்தக் கணக்கை இன்ஸ்டாகிராமில் ரிப்போர்ட் செய்துவிட்டு, cybercrime.gov.in-ல் புகார் கொடுங்கள். சாட்சியாக நான் வருகிறேன்.