சு. மதியைச் சுமதி ஆக்கிய ஸ்கேன் ஆப்: மூன்று வருட அனுபவம்

பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை பார்க்கும் தோழி நேற்று போனில் கேட்டார்: "அந்த ஸ்கேன் ஆப்புக்கு வருஷா வருஷம் சந்தா கட்டுறீங்களே டீச்சர், நாங்களும் வாங்கலாமா?" அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

அச்சான தமிழை இது நன்றாகவே படிக்கிறது. சுற்றறிக்கை, வினாத்தாள் எல்லாம் ஓரிரு திருத்தத்தோடு முடிந்துவிடும். என் கோபமெல்லாம் சேர்க்கைப் பட்டியலில்தான்.

ஆறாம் வகுப்புப் பட்டியல், 64 பெயர்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைப் படமெடுத்து எழுத்தாக மாற்றி, அப்படியே வருகைப் பதிவேட்டில் ஏற்றினோம். முதல் நாள் "சுமதி" என்று கூப்பிட்டால் பதிலே இல்லை. மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் மதி. பட்டியலில் இருந்தது "சு. மதி". (பெயரை மாற்றியிருக்கிறேன், நடந்தது இதுதான்.)

காரணம் பிறகுதான் புரிந்தது. படமெடுத்ததும் ஆப் தானாகக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, சின்னச் சின்னப் பொட்டுகளைத் தூசி என்று துடைத்துவிடுகிறது. இனிஷியலுக்குப் பின்னால் உள்ள புள்ளியும் அதோடு போய்விடும். மிச்சமிருக்கும் இடைவெளியையும் மூடினால் 'சுமதி' என்ற தெரிந்த பெயர் வந்துவிடுகிறது. யாருக்கும் சந்தேகம் வராது. அசல் நிறத்திலேயே வைத்து, இருபது பெயருக்கு ஒரு படம் என்று கிட்டத்தில் எடுத்தால் புள்ளிகள் பெரும்பாலும் தப்பிக்கின்றன.

அப்புறம் எண்ணிப் பார்க்க வேண்டும். எக்செலில் பெயர்கள் C பத்தியில் இருந்தால்:

```
=COUNTIF(C2:C65,"*.*")
```

புள்ளி உள்ள பெயர்கள் எத்தனை என்று இது சொல்லும். 64 வராவிட்டால் குறைகிற பெயர்களைத் தாளோடு ஒப்பிடுங்கள். இனிஷியலே இல்லாத பெயரும் இருக்கலாம், அதில் நீங்களாகப் புள்ளி வைக்காதீர்கள். 'எ.' என்பது 'ஏ.' ஆகியிருந்தால் இந்தக் கணக்குக்குத் தெரியாது. அதற்கு ஒருவர் தாளைப் பார்த்து உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்ப்பதுதான் வழி.

இன்னொன்று, ஆப் செய்வதல்ல, நாம் செய்வது. தாளில் "எஸ். கவின்" என்று இருந்தால் தமிழில் இருக்கட்டுமே என்று "செ. கவின்" ஆக்கிவிடுகிறோம். அப்பா செல்வமா, சண்முகமா, சுப்பிரமணியா? தாளில் இல்லாததை நாம் எப்படி எழுதலாம்? மாற்ற வேண்டுமென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கட்டும்.

சரி, வாங்கலாமா? வாங்குங்கள், நானும் போன வாரம்தான் சந்தாவைப் புதுப்பித்தேன். ஆனால் இந்த ஜூனில் சேர்க்கைப் பட்டியலை மட்டும் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையாலேயே தட்டச்சு செய்தேன்.