ஃபெனிட்டாயினா, லெவெடிராசெட்டமா? என் அக்கா மகனுக்கு மாத்திரையை மாற்றிய கணக்கு

தங்கச்சிமடத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் அக்கா மகனுக்கு 19 வயதில் வலிப்பு வந்தது. அன்றோடு கடலுக்குப் போவதை நிறுத்தினோம். இப்போது கரையில் மீன் தரம் பிரித்து எடை போடுகிறான். ஆறு வருடம் ஃபெனிட்டாயின் சாப்பிட்டவன், இப்போது லெவெடிராசெட்டத்தில் இருக்கிறான். மாற்றச் சொல்லி மருத்துவரிடம் மன்றாடியவர்களில் நானும் ஒருவன் என்பதால், என் பேச்சு லெவெடிராசெட்டத்தின் பக்கமே சாயும்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபெனிட்டாயின் 1938 முதல் புழக்கத்தில் இருக்கிறது. விலை மலிவு, பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். லெவெடிராசெட்டம் விலை கூடுதல், இரண்டு வேளை போட வேண்டும். வலிப்பை அடக்குவதில் அவனைப் போன்றவர்களுக்கு இரண்டுமே நல்ல மருந்துதான். என்னை முடிவெடுக்க வைத்தது விலையும் இல்லை, வேளையும் இல்லை. வேலை செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான்.

இதைச் சிகிச்சைக் குறியீடு என்பார்கள். பாதிப் பேருக்குக் கெடுதல் தரும் அளவை, பாதிப் பேருக்குக் குணம் தரும் அளவால் வகுத்தால் கிடைப்பது. ஆனால் இது சராசரி மனிதர்களின் கணக்கு. பாதுகாப்பு இடைவெளி இன்னும் கறாரானது. நூற்றுக்கு 99 பேருக்குப் பலன் தரும் அளவு, நூற்றுக்கு ஒருவரையாவது கெடுக்கும் அளவுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று அது பார்க்கும். ஃபெனிட்டாயின் இரத்தத்தில் ஒரு மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். 10-க்குக் கீழே வலிப்பு எட்டிப் பார்க்கும். 20-ஐத் தாண்டினால் கண்மணி ஆடும், 30 வாக்கில் நடை தள்ளாடும், 40-க்கு மேல் மயக்கமும் குழப்பமும். பலன் தொடங்கும் இடத்துக்கும் ஆபத்து தொடங்கும் இடத்துக்கும் நடுவே இரண்டே மடங்கு.

இடைவெளி குறுகல் என்பதோடு இது முடிந்திருந்தால்கூட சமாளித்திருக்கலாம். ஃபெனிட்டாயினுக்கு இன்னொரு குணம் உண்டு, அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏலக்கூடத்தில் ஆறு பேர் மீன் தரம் பிரிக்கிறார்கள் என்று வையுங்கள். பத்துப் பெட்டி வந்தால் நிதானமாக முடிப்பார்கள். இருபது வந்தால் வேகம் கூட்டுவார்கள். முப்பது வந்தால் கைகள் அதே பன்னிரண்டுதான், மிச்சம் தரையில் குவியும். ஈரலில் ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் நொதிகளும் அப்படித்தான். நாம் கொடுக்கும் வழக்கமான அளவிலேயே அவற்றின் கை நிறைந்துவிடுகிறது.

அவன் கதையைக் கணக்காகவே போடுகிறேன். எடை 55 கிலோ. அவன் உடம்பு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 440 மி.கி. சிதைக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரத்த அளவுக்கான தோராயக் கணக்கு எளிது: சாப்பிடும் அளவை, 440-லிருந்து அந்த அளவைக் கழித்த மீதியால் வகுத்து, 4-ஆல் பெருக்கவும். 300 மி.கி. சாப்பிட்டால் மீதி 140, விடை 8.6. 350 சாப்பிட்டால் மீதி 90, விடை 15.6. 400 சாப்பிட்டால் மீதி 40, விடை 40. மாத்திரை மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு, இரத்தத்தில் நாலரை மடங்குக்கும் மேல் ஏறுகிறது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய ஜூனில் அவனுக்கு ஒரு வலிப்பு வந்தது. ஒரு கிளினிக்கில் 300-ஐ 400 ஆக்கினார்கள். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் எழுத்து கோணலானது, எடைச் சீட்டில் எண்கள் வரியை விட்டு இறங்கின. மூன்றாவது வாரம் கரையில் நடந்து வந்தவனைப் பார்த்து "பகல்லயே குடிச்சிட்டு வர்றான்" என்று பேசினார்கள். அக்கா அழுதுகொண்டே கடைக்கு வந்தாள். நான் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தி "மாப்ளே, இதையே பாரு" என்றேன். விரல் ஓரத்துக்குப் போனதும் கண்மணி துடித்தது. அன்றே இரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினோம். 28 வந்தது.

அந்த 28-ஐப் பார்த்து "முப்பதுக்குள்ளதானே" என்று விட்டிருந்தால் தவறியிருப்போம். அளவை மாற்றினால் இரத்தம் நிலைக்கு வர ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும், மேல் அளவுகளில் அதற்கும் கூட. கணக்கின்படி அவனுடைய எண் 40-ஐ நோக்கி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மருத்துவர் ஒரு நாள் மாத்திரையை நிறுத்தி 300-க்குத் திரும்பச் சொன்னார். உண்மையில் ஜூனிலேயே செய்திருக்க வேண்டியது 50 மி.கி. மட்டும் கூட்டுவது. அந்த மாத்திரை என் கடையில் இருந்தது.

ஃபெனிட்டாயினில் இருப்பவர்கள் பரிசோதனையைச் சரியாகச் செய்ய வேண்டும். இரத்தத்தை அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பு எடுக்க வேண்டும், விழுங்கிய பிறகு எடுத்தால் எண் உயர்த்திக் காட்டும். இரத்தத்தில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் அல்புமின் புரதத்தோடு ஒட்டியிருக்கும், வேலை செய்வது மீதிப் பத்துதான். அதனால் உடம்பு மெலிந்தவருக்கும் ஈரல் நோயாளிக்கும் அல்புமின் குறைந்திருந்தால், 9 என்ற எண்ணுக்குப் பின்னாலும் நஞ்சு இருக்கலாம். அல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காசநோய்க்கு ஐசோநியாசிட் தொடங்கினால் அளவு ஏறக்கூடும், மறுபடி பாருங்கள். கம்பெனி மாற்றித் தராதீர்கள் என்று கடைக்காரனான நானே சொல்கிறேன். 1968-ல் ஆஸ்திரேலியாவில் மருந்து அதேதான், மாத்திரைக்குள் நிரப்பும் கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் போட்டார்கள். மருந்து கூடுதலாக உறிஞ்சப்பட்டு நோயாளிகள் பலர் நஞ்சேறித் தள்ளாடினார்கள்.

இந்தப் பராமரிப்புக்கு எங்கள் ஊரில் விலை அதிகம். மதுரை ஏறக்குறைய 160 கி.மீ. நேரில் போனால் ஒரு நாள் கூலி போகும், மாதிரியை அனுப்பினால் எண் வர நாளாகும். அந்த நாட்களில் அவன் தள்ளாடிக்கொண்டே கரையில் நிற்பான். மாத்திரையில் மிச்சமான காசு இங்கே கரைந்துவிடும்.

லெவெடிராசெட்டத்தில் அளவை ஒன்றரை மடங்கு கூட்டினால் இரத்தத்திலும் ஒன்றரை மடங்குதான். ஈரல் நொதிகளை நம்பியில்லை, புரதத்தோடு அதிகம் ஒட்டுவதில்லை, மூன்றில் இரண்டு பங்கு அப்படியே சிறுநீரில் போய்விடும். ஒரு நாளைக்கு 1000-ல் தொடங்கி 3000 மி.கி. வரை கொடுக்கும் இடம் இருக்கிறது. வழக்கமாக இரத்த அளவு பார்க்கத் தேவையில்லை. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தால் அளவைக் குறைக்க வேண்டும். இன்னொன்று, எரிச்சல். முதல் மாதம் அவன் தன் அம்மாவிடம் சட்டென்று சீறினான், அப்புறம் அடங்கியது. அடங்காமல் மருந்தையே மாற்ற வேண்டி வந்தவர்களையும் கடையில் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிகள், குழந்தைகள் விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, அதை நரம்பியல் மருத்துவரிடமே கேளுங்கள்.

பல வருடமாக ஃபெனிட்டாயினில் வலிப்பின்றி, தள்ளாட்டமின்றி இருப்பவரை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். மாற்றுபவரும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, திடீரென விட்டால் அடங்காத வலிப்பு வரலாம். அவனுக்கு முதலில் லெவெடிராசெட்டம் ஏற்றி, பிறகு ஃபெனிட்டாயினை வாரக்கணக்கில் படிப்படியாக இறக்கினார்கள். இப்போது காலை ஏழுக்கும் இரவு ஏழுக்கும் போனில் மணி அடிக்கிறது. ஒரு வேளை மறந்தால் இதில் பாதுகாப்பு சீக்கிரம் தேயும், அதனால் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மாத்திரை. வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மட்டும் பார்க்கிறோம், அதற்கு ராமநாதபுரமே போதும்.